தொண்ணூற்றைந்துக்கு வராத அழைப்பு

என் பெரியம்மா மகள் படித்த காலத்தில் எந்தப் பரீட்சையிலும் கோட்டை விட்டதில்லை. அதனால்தான் தொண்ணூற்றைந்து புள்ளிகளை வைத்துக்கொண்டு அவள் காத்துக் கிடப்பது எங்கள் சொந்தக்காரர்கள் யாருக்கும் விளங்கவில்லை. "நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு எடுத்தவளுக்கு சீட் இல்லையாம். என்ன காலேஜ்மா அது?" என்று மாமா கேட்பார். நூற்றுக்கு இல்லை, வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போவது, என்று அக்கா நாலைந்து முறை விளக்கிப் பார்த்தாள். பிறகு, "ஆமா மாமா, மோசமான காலேஜ்" என்று ஒப்புக்கொண்டுவிட்டாள்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு முதுகுப்பையோடு திரும்பி வந்தபோது பெரியம்மா வீட்டில்தான் இறங்கினேன். என் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. மாடி அறையில் பாதியை அக்கா எனக்குக் கொடுத்தாள். அவள் பாதியில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் இரும்பு பீரோ. பீரோவின் மேல் பெரியம்மா தள்ளுபடியில் வாங்கிக் குவித்த கம்பளிச் சட்டைகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தன. விசா வந்ததும் குளிருக்கு வேண்டுமே என்பது பெரியம்மாவின் நியாயம். விசா வர வேண்டுமானால் முதலில் விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பம் போட வேண்டுமானால் அவள் போக நினைக்கிற நாடு கூப்பிட வேண்டும். கூப்பிடத்தான் இல்லை.

அவள் செய்திருந்ததெல்லாம் ஒரு விருப்பப் பதிவு. உங்கள் நாட்டுக்கு வந்து வேலை பார்க்க எனக்கு விருப்பம், என் வயது இது, படிப்பு இது, அனுபவம் இது என்று இணையத்தில் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பது. அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் ஒரு குளத்தில் கிடப்பார்கள். பூல் என்றுதான் அதற்குப் பெயர். அந்த நாட்டுக்காரர்கள் தங்களுக்குத் தோன்றுகிறபோது வலை வீசுவார்கள். அது ரவுண்டு. வலையில் விழுந்தவர்களுக்கு மட்டும் அழைப்பு மெயில் போகும். அதற்கப்புறம்தான் விண்ணப்பம், கட்டணம், மருத்துவப் பரிசோதனை எல்லாம். அடுத்த வலை எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். குளத்தில் நாம் எத்தனையாவது ஆள் என்றும் சொல்ல மாட்டார்கள். அக்காவுக்கு அங்கே போய்ப் பார்க்கவேண்டும் என்று இருந்த நகரத்தின் பேருந்துத் தடங்கள்கூட மனப்பாடம். கடற்கரையிலிருந்து ரயில் நிலையத்துக்கு எந்த பஸ் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வாள். நான் அந்த ஊரில் மூன்று மாதம் இருந்தவள். எனக்குத் தெரியாது.

"அங்க மழை எப்படி இருக்கும்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"மழை மாதிரிதான்."

"உன்னையெல்லாம் ஊர் சுத்த விட்டாங்களே" என்று தலையணையைத் தூக்கி என் மேல் எறிந்தாள்.

அவளுக்கு வேலை ஒரு மருந்து மொத்த விற்பனைக் கம்பெனியின் கணக்குப் பிரிவில். கல்லூரி முடித்த கையோடு சேர்ந்தவள், வேலை பார்த்துக்கொண்டே காஸ்ட் அக்கவுண்டன்சி முடித்து, இப்போது அந்தப் பிரிவுக்கே பொறுப்பு. நாலு மாடிக் கிடங்கு. கீழே அட்டைப்பெட்டிகளும் டேப் ஒட்டுகிற சத்தமும். மேலே குளிரூட்டப்பட்ட அறையில் ஊசி மருந்துகள். இரண்டுக்கும் நடுவில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவள். சரக்கு லிஃப்ட் ஒன்று நாள் முழுக்க முனகிக்கொண்டே ஏறி இறங்கும். அதைப் பராமரிக்க மாதம் ஒரு முறை வருகிற மெக்கானிக்கின் பில்லை அவள் மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். சர்வீஸ் தாளில் கிடங்கு மேற்பார்வையாளரின் கையெழுத்து இல்லை என்று ஒரு தடவை, தேதி இல்லை என்று ஒரு தடவை, தேதி இருந்தது ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு தடவை. நாலாவது தடவை அவர் பில்லோடு லிஃப்டையும் கொண்டுவந்து காட்டவா என்று கேட்டிருக்கிறார். அக்கா சிரித்துவிட்டாள். சிரித்ததுதான் தப்பு என்று இப்போதும் சொல்வாள்.

அந்த லிஃப்ட்காரரைத்தான் நான் வந்த முதல் வாரத்திலேயே அத்தான் என்று கூப்பிட ஆரம்பித்தேன். பெரியம்மா ஒப்புக்கொண்டாயிற்று, அவர் வீட்டிலும் ஒப்புக்கொண்டாயிற்று. மாமா மட்டும் முதலில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தார். தன் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோன அன்று அத்தான் வந்து சரிசெய்த பிறகு அவரும் இறங்கி வந்துவிட்டார். கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்லை. அந்தப் பத்துப் புள்ளிகள் தவிர.

தனி ஆளாகப் பதிவுசெய்தால் பத்துப் புள்ளி உண்டு. கல்யாணமானால், கணவனுக்கும் அவர்கள் பட்டியலில் உள்ள தொழிலில் முறையான தகுதிச் சான்றும் ஆங்கிலத் தேர்ச்சியும் இருந்தால் அதே பத்து. ஆங்கிலம் மட்டும் இருந்தால் ஐந்து. இரண்டும் இல்லையென்றால் சுழி. கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினாலும் அங்கே அது துணை என்றே கணக்காகும். அத்தான் பதினெட்டு வயதிலிருந்து லிஃப்ட் கிணறுகளில் ஏறி இறங்குகிறவர். ஆனால் முதல் பல வருடங்கள் சம்பளத்தைக் கையில் வாங்கியவர். அந்த வருடங்களில் வேலை பார்த்தார் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட அவரிடம் இல்லை. அதனால் தகுதிச் சான்று நடக்காது. ஆங்கிலப் பரீட்சை எழுதினார். கேட்பதில், பேசுவதில், படிப்பதில் எல்லாம் தேறினார். எழுதுவதில் அரைப் புள்ளி குறைந்தது. நகரங்களில் உயரமான கட்டடங்கள் தேவையா என்று கட்டுரை கேட்டிருந்தார்களாம். "எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் எழுதினேன். கேபிள் எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னுகூட எழுதினேன்" என்றார். கேள்வி அது இல்லை என்று அக்கா சொல்லவில்லை.

ஆகையால் இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். புள்ளிகளை அழைப்பு வருகிற நாளில் இருக்கிறபடிதான் பார்ப்பார்கள். அதுவரை அவள் தனி ஆள். அழைப்பு வந்ததும் கல்யாணம், பிறகு விண்ணப்பத்தில் கணவனையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாம் சட்டப்படி சரி. ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமானால் வேலை முடிந்து அவள் அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் அரைமணி நேரம். பிறகு அவர் தன் வண்டியில் ஒரு பக்கம், அவள் பஸ்ஸில் ஒரு பக்கம். அக்கா பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தாலும் வெளியே பார்க்க மாட்டாள், மெயில்தான் பார்ப்பாள், குப்பை மெயில் பெட்டியையும் திறந்து பார்ப்பாள். வீட்டுக் கடன் வேண்டுமா என்று தினமும் யாராவது அவளைக் கேட்டிருப்பார்கள்.

ஆங்கில வகுப்பில் அவளோடு படித்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். எழுபத்தைந்து புள்ளிகளோடு குளத்தில் இறங்கியவள். அவள் இறங்கிய பின் வந்த முதல் ரவுண்டிலேயே அழைப்பு வந்துவிட்டது. அவள் கண் கலங்கி, குற்றம் செய்தவள்போல, வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள், மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு விசா ஏஜென்ட்டிடம் போனோம்.

ஏஜென்ட்டின் அலுவலகம் ஒரு செல்போன் கடைக்கு மேலே. சுவர் முழுக்க விமானங்கள். ஆனால் மனிதர் நேர்மையானவர். நம்பிக்கை விற்றுக் காசு பார்க்கிற ரகம் இல்லை. அக்கா கேட்டதும் மேசை மேலிருந்த இரண்டு டீக் கோப்பைகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்.

"மேடம், இதை ஒரே வரிசைன்னு நெனச்சா குழப்பம்தான் வரும். நர்ஸுக்கு ஒரு வரிசை, டீச்சருக்கு ஒண்ணு, அக்கவுண்டன்டுக்கு ஒண்ணு. வருஷத்துக்கு இந்தத் தொழில்ல இத்தனை பேர்தான்னு ஒரு உச்சவரம்பு இருக்கு. நர்ஸ் அவங்களுக்கு அவசரமா வேணும், அதனால குறைஞ்ச புள்ளிக்கே கூப்பிடறாங்க. உங்க வரிசையில எடம் கொஞ்சம், ஆளு ஏராளம். அத்தனை பேரும் உங்களை மாதிரியே நல்லாப் படிச்சவங்க."

"தொண்ணூத்தஞ்சுக்கு மேல நான் என்னதான் பண்றது?"

"நீங்க பண்ண எதுவும் இல்ல மேடம். அதுதான் கஷ்டமே."

அவர் இன்னொன்றும் சொன்னார். ஒரே புள்ளியில் பல பேர் நின்றால், அந்தப் புள்ளியை யார் முதலில் தொட்டார்களோ அவர்களுக்கு முன்னுரிமை. தொட்ட தேதியும் நேரமும் பதிவில் இருக்கும். அக்கா தொண்ணூறோடு குளத்தில் இறங்கியவள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மொழிபெயர்க்கிற ஒரு தேர்வு எழுதி இன்னும் ஐந்து சேர்த்து, தொண்ணூற்றைந்தைத் தொட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கடந்த ஒரு ரவுண்டில் கணக்காளர்களை நூறு புள்ளியோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கடுத்த ரவுண்டில் கணக்காளர் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. இனி ஒரு ரவுண்டு தொண்ணூற்றைந்துக்கு இறங்கினால் அவளுடைய பழைய தேதி அவளைக் கரை சேர்க்கும் என்றார் ஏஜென்ட். "உங்க தேதி நல்ல தேதி மேடம். அதைப் பத்திரமா வெச்சுக்கோங்க."

தேதியை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்று நாங்கள் கேட்கவில்லை. அதையெல்லாம் யாரும் தொட முடியாது என்றுதான் நினைத்தோம்.

ஆங்கிலத் தேர்வின் முடிவுக்கு மூன்று வருடம்தான் ஆயுள். அக்காவுடையது முடிகிற நேரம் வந்தது. முன்ஜாக்கிரதையாக மறுபடி எழுதினாள், அதே உயர்ந்த தரம் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியம்மா கீழே துணி துவைத்துக்கொண்டிருக்க, அக்கா மேசையில் கணினியைத் திறந்து புதிய முடிவைப் பதிவில் ஏற்ற உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் கால்நீட்டிப் படுத்து ஏதோ ஓர் ஊருக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் பழைய தேர்வின் தேதியும் எண்ணும் இருந்தன. அவற்றின் மேலேயே புதியதை அடித்துச் சேமித்திருக்கலாம். நான் அதைத்தான் சொன்னேன்.

"ஓவர்ரைட் பண்றதா? சீ" என்றாள். கணக்குப் பிரிவில் பத்து வருடத்துக்கு மேல் இருப்பவளின் அருவருப்பு அது. பழைய பதிவின் மேல் புதியதை எழுதுவது அவள் தொழிலில் திருட்டுக்குச் சமம். தவறான பதிவோ காலாவதியான பதிவோ, முதலில் அதை ரத்துசெய்து கணக்கை அது இல்லாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகுதான் புதியது. அவளிடம் வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். எனவே ஆங்கிலத் தேர்வு எழுதியதில்லை என்று மாற்றிச் சமர்ப்பித்தாள். புள்ளி இருபது இறங்கி எழுபத்தைந்து ஆனது. அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு புதிய முடிவைப் போட்டுச் சமர்ப்பித்தாள். எழுபத்தைந்து மறுபடி தொண்ணூற்றைந்து ஆனது. "பாத்தியா, சுத்தமா இருக்கு" என்று கணினியை மூடிவிட்டு, துணி காயப்போடக் கீழே போனாள்.

சில வாரங்கள் கழித்து ரவுண்டு நடந்தது. அவளுக்கு மெயில் வரவில்லை. பிறகு முடிவுகளை வெளியிட்டார்கள். கணக்காளர்கள்: தொண்ணூற்றைந்து. கூடவே கடைசியாகக் கூப்பிடப்பட்டவர் அந்தப் புள்ளியைத் தொட்ட தேதி. அக்கா அதைப் பார்த்துவிட்டு அலுவலகத்திலிருந்தே எனக்கு போன் செய்தாள். அந்தத் தேதி தன் தேதிக்கு எத்தனையோ பின்னால் இருக்கிறது, ஆகவே தன் மெயில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது, ஏஜென்ட்டைப் பார்க்க வா என்றாள். குரலில் அப்படி ஒரு துள்ளல். படிக்கட்டில் எனக்கு முன்னால் இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

ஏஜென்ட் அவளுடைய பதிவைத் திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மேடம், நடுவுல எதையாவது மாத்தினீங்களா?"

"இங்கிலீஷ் ரிசல்ட் மட்டும். அதே ஸ்கோர்தான்."

"அதே ஸ்கோரை அப்படியே மேல போட்டா தேதி அசையாது. இங்க புள்ளி எழுவத்தஞ்சுக்கு எறங்கியிருக்கே."

"ரெண்டு நிமிஷம்தாங்க. பழசை ரிவர்ஸ் பண்ணிட்டு..." அவள் பாதியில் நிறுத்தினாள்.

அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். தொண்ணூற்றைந்துக்கு எதிரே அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி இருந்தது. மெஷினைப் பொறுத்தவரை அவள் அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தொண்ணூற்றைந்தைத் தொட்டிருக்கிறாள். மாதக்கணக்காக முன்னால் நின்றவள், தானே விலகி, வரிசையின் வாலில் போய் நின்றுகொண்டிருக்கிறாள். பழைய தேதியைத் திருப்பிக் கேட்க வழி உண்டா என்று நான் கேட்டேன். இல்லை என்றார். நடந்தது மெஷினின் பிழை இல்லையே, அவளே மாற்றியதுதானே.

அக்கா அழவில்லை. அவருக்கு நன்றி சொன்னாள். நேரே அலுவலகத்துக்குத் திரும்பிப் போய், ஒரு கூரியர் கம்பெனியின் பில்லை முத்திரை சரியாக விழவில்லை என்று திருப்பி அனுப்பினாளாம். சாயங்காலம் டீக்கடையில் அத்தானிடம் அவளே சொன்னாள். நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"எங்க வேலையிலயும் பழசைக் கழட்டாம புதுசை மாட்ட முடியாது மேடம். நீ பண்ணதுல தப்பே இல்ல." அவர் அவளை எப்போதும் மேடம் என்றுதான் கூப்பிடுவார், பில் திருப்பிய காலத்துப் பழிவாங்கல்.

"ஆனா உங்க லிஃப்ட் தரைக்கு வந்துட்டு திரும்ப மேல போகும்" என்றாள். அப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

இனி இருந்த ஒரே வாய்ப்பு, அவளுடைய பிறந்தநாளுக்கு முன்னால் இன்னொரு ரவுண்டு. முப்பத்திரண்டு வரை வயதுக்கு முழுப் புள்ளி. முப்பத்துமூன்று தொடங்கிய அன்று அதில் ஐந்து போய்விடும், மெஷின் தானாகவே கழித்துக்கொள்ளும். மார்ச் போய் ஏப்ரல், ஏப்ரல் போய் மே. தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி, மூடி, வேறு யாரோ வந்து மறுபடி தோண்டினார்கள். குளம் அசையவில்லை. அடுத்த ரவுண்டு நாளைக்கு என்று யாராவது இணையத்தில் கிளப்பிவிடுவார்கள். அன்றைக்கு அக்கா நல்ல சுடிதாராகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். ஏன் என்று கேட்டால் சும்மா என்பாள்.

அத்தான் அந்த நாட்களில் சற்று ஒதுங்க ஆரம்பித்தார். இரண்டு நாள் டீக்கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் தனியாக, "சின்னவளே, நான் இல்லாம இருந்தா உங்கக்கா இந்நேரம் வேற எதாவது வழி பாத்திருப்பா" என்றார். அப்படி ஒரு வழியும் இல்லை, அவள் தனி ஆளாகத்தானே இருக்கிறாள், நீங்கள் இருப்பதால் ஒரு புள்ளியும் குறையவில்லை என்று சொன்னேன். "இப்ப குறையல. கட்டிக்கிட்டா குறையும். பத்து வருஷம் வேலை பாத்ததுக்கு பிளஸ், என்னைக் கட்டிக்கிட்டா மைனஸ். அப்படித்தானே எழுதியிருக்கு?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அதை அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவளிடம் மறைக்கிற சாமர்த்தியம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.

பிறந்தநாள் வந்தது. பெரியம்மா கேக் வாங்கியிருந்தார். மாமா குடும்பத்தோடு வந்து, இப்போது என்ன மார்க் என்று கேட்டார். அக்கா போனைத் திறந்து பார்த்தாள். தொண்ணூறு. எல்லோருக்கும் காட்டினாள். "வயசானா மார்க் குறையற காலேஜை நான் கேள்விப்பட்டதே இல்ல" என்று மாமா சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவருக்கும்தான். பெரியம்மா கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டே, இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாமே, இவ்வளவு பொறுத்தாயிற்று என்றார்.

அந்த வாக்கியம்தான் அக்காவை எழுப்பியது என்று நினைக்கிறேன். மறுநாள் காலை வேலைக்குப் போகாமல், அத்தான் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்று போன் செய்து கேட்டாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஊருக்கு வெளியே கட்டி முடிக்காத அடுக்குமாடி. லிஃப்ட் இன்னும் ஓடாததால் படியேறியே போனோம். கைப்பிடிச் சுவர்கூட இல்லாத படிகள், மூலைக்கு மூலை சிமென்ட் மூட்டைகள். மொட்டைமாடியில் மோட்டார் அறை. அத்தான் முழங்கை வரை கிரீஸோடு இரும்புச் சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"ரவுண்டு வந்துடுச்சா?"

"வரல. தொண்ணூறு ஆயிடுச்சு."

"சரி. அதுக்கு ஏன் லீவு போட்டு வந்த? தொண்ணூறும் நல்ல மார்க்தான். இன்னொரு ரவுண்டு பாப்போம். அதுக்குள்ள நானும் அந்தக் கட்டுரையை..."

"நாம கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றாள்.

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "கட்டிக்கிட்டா எண்பது. எண்பதுக்கு உங்க வரிசையில யாரைக் கூப்பிட்டிருக்காங்க? நீதான சொன்ன. பஸ் ரூட்டெல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்க நீ. நாளைக்கு என்னைப் பாக்கறப்பல்லாம் அந்தப் பத்துதான் ஞாபகம் வரும். எனக்கு அது வேணாம்."

"எனக்குப் போகணும்னு இருக்கு" என்றாள் அக்கா. "இப்பவும் இருக்கு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். தினமும் காலைல எந்திரிச்சதும் மெயில்தான் பாப்பேன், இனியும் பாப்பேன். ஆனா டீக்கடையில அரைமணி நேரம் உங்களைப் பாத்துட்டு பஸ் ஏறுறேனே, அப்ப வர்ற ஆசை அதைவிடப் பெருசா இருக்கு. இத்தனை நாள் அதைத்தான் அடக்கி வெச்சேன். அவங்க கூப்பிடறப்ப கூப்பிடட்டும். நீங்களும் கூப்பிடலன்னா நான் எங்க போறது?"

கீழே எங்கோ கலவை மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது. நான் மொட்டைமாடியின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அத்தான் அவள் தோளைத் தொடாமல், சட்டையில் கிரீஸ் பட்டுவிடாதபடி கைகளை விரித்துக்கொண்டு, நெற்றியை மட்டும் அவள் தலைமேல் வைத்து நின்றார்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிகள் நானும் மாமாவும். மறு வாரமே அக்கா தன் விருப்பப் பதிவைத் திறந்து, திருமணமானவள் என்று மாற்றினாள். மறைத்துவைக்கலாமே என்று மாமா மெல்லச் சொல்லிப் பார்த்தார். பொய்யான புள்ளியில் அழைப்பு வந்தால் விண்ணப்பத்தில் நிராகரிப்பார்கள் என்று அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். எண்பது. பதிவை விலக்கிக்கொள்ளவில்லை. குளத்தில் இருக்க வாடகை இல்லை, இரண்டு வருடம் ஆனால் அதுவாகவே காலாவதியாகும், அதுவரை கிடக்கட்டும் என்றாள். ஏஜென்ட்டுக்கு போன் செய்து சொன்னபோது அவர் வாழ்த்தினார். அத்தான் எழுத்துத் தேர்வில் தேறினால் எண்பத்தைந்து ஆகும், அரசாங்கம் பட்டியலை மாற்றினாலும் மாற்றும், மாற்றாமலும் போகும் என்றார்.

போன சனிக்கிழமை மூவரும் வீடு பார்க்கப் போனோம். முதல் மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறையில் கிழக்கே பார்த்த ஜன்னல். அத்தான் தண்ணீர்க் குழாய்களைத் திறந்து பார்த்தார். அக்கா கூடத்தின் நடுவில் நின்று நாலா பக்கமும் மெதுவாகத் திரும்பினாள். மேசை எங்கே, கட்டில் எங்கே என்று அவள் கண்கள் அளந்துகொண்டிருந்தன. வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு முன் இருந்தவர்கள் ஆறே மாதத்தில் காலி செய்துவிட்டார்கள், அதனால் முன்னாடியே கேட்டுவிடுகிறேன் என்றார்.

"நீங்க எவ்வளவு நாள் இருப்பீங்க?"

அத்தான் குழாயை மூடிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"தெரியலீங்க" என்றாள். "ஆனா நாளைக்கே வந்துடறோம்."

வீட்டுக்காரம்மா எங்கள் மூவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாவியை நீட்டினார். அக்கா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.